ஜிஎஸ்டி விற்றுமுதலும் வங்கி வரவும்: கடன் கேட்கும் முன் இரண்டையும் ஒப்பிடும் முறை

சிறு வணிகர் ஒருவர் ஓவர்டிராஃப்ட் கேட்டு வங்கிக் கிளைக்குப் போகும்போது, அவர் கொடுக்கும் காகிதங்களில் இரண்டு கட்டுகளைக் கடன் அதிகாரி முதலில் எடுத்து அருகருகே வைப்பார். ஒன்று, கடந்த பன்னிரண்டு மாதங்களுக்கான ஜிஎஸ்டி ரிட்டர்ன். மற்றொன்று, அதே பன்னிரண்டு மாதங்களுக்கான நடப்புக் கணக்கு ஸ்டேட்மென்ட். முதல் கட்டு, வணிகர் அரசிடம் எவ்வளவு விற்றதாகச் சொல்லியிருக்கிறார் என்பதைக் காட்டுகிறது. இரண்டாவது, அவர் கணக்கில் எவ்வளவு பணம் வந்தது என்பதைக் காட்டுகிறது. இரண்டும் பொருந்தாவிட்டால் கேள்வி எழும். அந்தக் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் வணிகரிடம்தான் இருக்கிறது. ஆனால் அதைக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பவர்கள் குறைவு.

அதிகாரி இதில் இத்தனை அக்கறை காட்டுவதற்குக் காரணம் உண்டு. சிறு நிறுவனங்களுக்கு 5 கோடி ரூபாய் வரையிலான நடைமுறை மூலதனக் கடனை விற்றுமுதலை வைத்தே அளக்கும் முறை ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதலில் இருக்கிறது. வரும் ஆண்டில் எதிர்பார்க்கப்படும் விற்றுமுதலில் 25 சதவீதம் நடைமுறை மூலதனத் தேவை என்று கொள்வார்கள். அதில் 20 சதவீதத்தை வங்கி கொடுக்கும், மீதி 5 சதவீதம் வணிகரின் சொந்தப் பணமாக இருக்க வேண்டும். ஆகவே விற்றுமுதல் எவ்வளவு என்பதில் வரும் ஒவ்வொரு லட்சமும் கடன் வரம்பில் இருபதாயிரமாகத் தெரியும். எதிர்பார்க்கும் எண்ணை யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால், கடந்த ஆண்டின் உண்மையான எண் எது என்று வங்கி இரண்டு திசைகளிலிருந்தும் பார்க்கிறது.

சிக்கல் என்னவென்றால், இந்த இரண்டு எண்களும் ஒரே பொருளை அளப்பவை அல்ல. ரிட்டர்னில் இருப்பது பில் போட்ட தொகை. வங்கியில் இருப்பது கைக்கு வந்த பணம், அதிலும் எல்லா வகையான பணமும். ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே தளத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

ரிட்டர்ன் பக்கத்திலிருந்து தொடங்கலாம். எடுக்க வேண்டிய எண் ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தின் 3.1 என்ற அட்டவணையில் இருக்கிறது. அதன் முதல் வரிசையான (அ), அதாவது திரையில் 3.1(a) என்று காண்பது, வரிக்குட்பட்ட சாதாரண விற்பனை. அதற்கடுத்த வரிசைகளில் ஏற்றுமதி போன்ற பூஜ்ய விகித விற்பனை, வரிவிலக்குப் பெற்ற பொருட்களின் விற்பனை ஆகியவை வரும். வரிவிலக்குப் பொருளும் விற்பவர் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அளந்து விற்கும் அரிசி, காய்கறி, பால் போன்றவற்றையும் சேர்த்து விற்கும் மளிகைக் கடைக்காரர்கள் இதை விட்டுவிட்டு, பிறகு வங்கி வரவு ஏன் இவ்வளவு அதிகம் என்று விழிப்பதுண்டு. ஆனால் 3.1(d) என்ற வரிசையை மட்டும் சேர்க்கக் கூடாது. அது எதிர்முறையில், அதாவது விற்றவருக்குப் பதிலாக வாங்கியவரே வரி கட்டிய கொள்முதல், விற்பனை அல்ல. லாரி வாடகை அதில் வரும். 2024 அக்டோபர் 10 முதல், பதிவு பெறாத உரிமையாளரிடம் கடையை வாடகைக்கு எடுத்திருக்கும் பதிவு பெற்ற வணிகரின் கடை வாடகையும் அதில்தான் வருகிறது. அட்டவணையின் எல்லா வரிசைகளையும் கண்ணை மூடிக்கொண்டு கூட்டினால், கட்டிய வாடகையே விற்பனையாக மாறிவிடும்.

அடுத்து, இந்த அட்டவணையில் இருக்கும் மதிப்பு வரி சேராத மதிப்பு. வாடிக்கையாளரோ வரியும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறார். 100 ரூபாய்ப் பொருளுக்கு 18 சதவீத வரி என்றால் வங்கியில் விழுவது 118 ரூபாய். எனவே 3.1(a) மதிப்புடன், அதே வரிசையில் காட்டியுள்ள ஐஜிஎஸ்டி, சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி தொகைகளையும் கூட்டிய பிறகே அதை வங்கி வரவுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். வரி விகிதத்தை நாமாகப் பெருக்கிப் பார்ப்பதைவிட இது நல்லது. ஒரே கடையில் 5 சதவீதப் பொருளும் 18 சதவீதப் பொருளும் கலந்திருக்கும், 2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு பல பொருட்களின் விகிதமே மாறியும் இருக்கிறது. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு இந்தப் படி வேண்டியதில்லை. அவர் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்குவதில்லை என்பதால், காலாண்டுக்கு ஒருமுறை அவர் தாக்கல் செய்யும் சிஎம்பி-08 படிவத்தின் விற்பனைத் தொகையை அப்படியே வங்கி வரவுடன் ஒப்பிடலாம்.

மாதத்துக்கு மாதம் பொருத்திப் பார்க்கும் ஆசை பலருக்கு வரும். அது வீண் வேலை. மார்ச் மாதம் பில் போட்ட சரக்குக்கான பணம் மே மாதம் வரும். விட்டுப்போன பில்லை அடுத்த மாத ரிட்டர்னில் சேர்த்திருப்பார்கள். திரும்பி வந்த சரக்குக்கான கிரெடிட் நோட் வேறொரு மாதத்தில் கழிந்திருக்கும். சரக்குக்காக வாங்கும் முன்பணத்துக்கு அதை வாங்கும்போது ஜிஎஸ்டி கிடையாது, பில் போடும்போதுதான் உண்டு என்பதால், தீபாவளிக்கு முன் வங்கியில் விழுந்த முன்பணம் ரிட்டர்னில் பிறகே தெரியும். காலாண்டு ரிட்டர்ன் திட்டத்தில் இருப்பவருக்கோ மாத வாரியான 3பி படிவமே இருக்காது. எனவே ஓராண்டு முழுவதையும் ஒரே எண்ணாக எடுத்து ஒப்பிடுவதே சரி; காலாண்டு எண்களைப் போக்கைப் பார்க்க மட்டும் பயன்படுத்தலாம்.

வங்கிப் பக்கம் இதைவிடப் பொறுமை கேட்கும். ஸ்டேட்மென்ட்டின் அடியில் மொத்த வரவு என்று அச்சாகியிருக்கும் எண் விற்பனை வரவு அல்ல. அதில் விற்பனையோடு தொடர்பில்லாத பணம் எப்போதும் இருக்கும். வணிகரின் சேமிப்புக் கணக்கிலிருந்து மாற்றிய தொகை, நகைக்கடன் வாங்கிக் கணக்கில் போட்டது, சீட்டு எடுத்த பணம், மைத்துனரிடம் வாங்கிய கைமாற்று, முதிர்ந்த வைப்புத்தொகை, அனுப்பிய பணம் திரும்பி வந்தது ஆகிய எல்லாம் வரவுப் பத்தியில் ஒன்றுபோலவே உட்கார்ந்திருக்கும். இவற்றில் மிக எளிதாகக் கண்ணில் படாமல் போவது திரும்பிய காசோலை. வாடிக்கையாளர் கொடுத்த காசோலையைக் கணக்கில் போட்ட அன்று அது வரவாகப் பதிவாகும். பிறகு பணமில்லை என்று திரும்பும்போது பற்றுப் பத்தியில் CHQ RET என்றோ அது போன்ற வேறொரு குறிப்போடோ அதே தொகை கழியும். வரவுகளை மட்டும் கூட்டுபவருக்கு அந்தக் காசோலை விற்பனை வரவாகவே நிற்கும். அதே காசோலையை மறுபடி போட்டுப் பணமாகியிருந்தால் ஒரே விற்பனை இரண்டு முறை கணக்காகிவிடும்.

இனி ஓர் எடுத்துக்காட்டு. மின்சாதனப் பொருட்கள் விற்கும் ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். வயர், சுவிட்ச், மின்விசிறி எல்லாமே 18 சதவீத வரிக்குட்பட்டவை. எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. உரிமையாளர் 20 லட்சம் ரூபாய் ஓவர்டிராஃப்ட் கேட்கிறார். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை ரிட்டர்ன்களில் 3.1(a) வரிசையின் கூட்டுத்தொகை 96,00,000 ரூபாய். நடப்புக் கணக்கின் மொத்த வரவு 1,18,50,000 ரூபாய்.

இரண்டையும் அப்படியே பார்த்தால் வங்கி வரவு இருபத்திரண்டரை லட்சம் அதிகம். ரிட்டர்னில் விற்பனையைக் குறைத்துக் காட்டியிருக்கிறாரோ என்ற ஐயம் உடனே வரும். வரித்தொகையான 17,28,000 ரூபாயைச் சேர்த்தால் ரிட்டர்ன் எண் 1,13,28,000 ஆகிறது. இப்போது வித்தியாசம் ஐந்து லட்சத்துக்குச் சற்று மேல்தான். இங்கே பலர் நிம்மதியாக நிறுத்திக்கொள்வார்கள். எண்கள் கிட்டத்தட்ட ஒத்துப்போகின்றன என்று தோன்றும். என் கருத்தில் இந்த இடமே மிகவும் ஏமாற்றக்கூடியது, ஏனெனில் இந்தப் பொருத்தம் தற்செயலானது. வங்கிப் பக்கத்தை இன்னும் சுத்தம் செய்யவில்லை. அதிகாரி அதைச் செய்யும்போது படம் தலைகீழாக மாறும்.

ஸ்டேட்மென்ட்டை வரி வரியாகப் பார்த்ததில், உரிமையாளரின் சேமிப்புக் கணக்கிலிருந்து வந்தது 6,50,000; சீட்டுப் பணம் 5,00,000; நகைக்கடன் 4,00,000; கைமாற்று 3,00,000; திரும்பிய காசோலைகள் 2,30,000. ஆக 20,80,000 ரூபாய் விற்பனை வரவல்ல. அதைக் கழித்தால் நிற்பது 97,70,000. இப்போது ரிட்டர்ன்தான் அதிகம், வங்கி வரவு 15,58,000 குறைவு. பில் போட்டது ஒரு கோடியே பதின்மூன்று லட்சம், கணக்கில் வந்தது தொண்ணூற்றேழு லட்சம் என்றால் மீதி எங்கே என்பதே இனிக் கேள்வி.

முதல் விடை சேமிப்புக் கணக்கில் கிடைக்கிறது. கல்லாப்பெட்டிக்கு அருகில் ஒட்டியிருந்த இரண்டு கியூஆர் அட்டைகளில் பழையது உரிமையாளரின் சேமிப்புக் கணக்கோடு இணைந்தது. கடை தொடங்கிய காலத்தில் வைத்தது, யாரும் அகற்றவில்லை. வாடிக்கையாளர்கள் இரண்டில் எது கண்ணில் படுகிறதோ அதை ஸ்கேன் செய்தார்கள். சேமிப்புக் கணக்கின் ஸ்டேட்மென்ட்டைப் பிரித்துப் பார்த்ததில் ஆண்டு முழுவதும் அப்படி வந்த விற்பனைப் பணம் 7,10,000 ரூபாய். அதில் பெரும்பகுதிதான் 6,50,000 ரூபாயாக நடப்புக் கணக்குக்கு மாறியிருந்தது. இங்கே கவனம் வேண்டும். சேமிப்பிலிருந்து வந்த மாற்றுத்தொகையைக் கழிக்காமல் விட்டுவிட்டு, சேமிப்புக் கணக்கின் விற்பனை வரவையும் கூட்டினால் ஒரே பணம் இரண்டு முறை வரும். மாற்றுத்தொகையை முழுவதும் கழித்துவிட்டு, சேமிப்புக் கணக்கில் நேரடியாக வந்த விற்பனையை மட்டும் கூட்டுவதே சரியான வழி. அப்படிக் கூட்டினால் வங்கி வழியாக வந்த விற்பனை 1,04,80,000, இடைவெளி 8,48,000.

இரண்டாவது விடை பாக்கிப் புத்தகத்தில் இருக்கிறது. ஆண்டு தொடங்கும்போது எலக்ட்ரீஷியன்களும் கட்டட ஒப்பந்ததாரர்களும் கடைக்குத் தர வேண்டியிருந்தது 9,40,000 ரூபாய். ஆண்டு முடிவில் அது 14,10,000 ஆகியிருந்தது. கூடிய 4,70,000 ரூபாய் பில் போட்டு, ரிட்டர்னிலும் காட்டி, இன்னும் கைக்கு வராத பணம். பாக்கியின் முழுத் தொகையையும் கழிப்பது பொதுவாக நடக்கும் பிழை. கழிக்க வேண்டியது இரண்டு முனைகளுக்கும் இடையிலான வித்தியாசத்தை மட்டுமே, ஏனென்றால் பழைய பாக்கியும் இந்த ஆண்டு வசூலாகி வங்கியில் சேர்ந்திருக்கிறது. பாக்கித் தொகையில் வரியும் அடங்கியிருப்பதால் இந்தக் கணக்கு முழுவதையும் வரி சேர்ந்த அளவிலேயே செய்கிறோம் என்பதையும் மறக்கக் கூடாது.

மூன்றாவது, கல்லாவில் விழுந்து வங்கிக்குப் போகாமலேயே செலவான ரொக்கம். இறக்குகூலி, உள்ளூர் வண்டி வாடகை, வாரக்கூலி, வீட்டுக்கு எடுத்த பணம் என மாதம் சராசரி 30,000 வீதம் ஆண்டுக்கு 3,60,000 ரூபாய். ரொக்கப் பேரேட்டில் நாள்வாரியாக இது பதிவாகியிருந்தால் அதிகாரி ஏற்பார். பேரேடு இல்லாமல், இடைவெளியை நிரப்புவதற்காகக் கடைசியில் எழுதிய வட்டமான எண் என்றால் ஏற்கமாட்டார். இந்தத் தொகை அளவுக்கு மீறினாலும் கேள்வி வரும். ஒரு நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவை வருமான வரிக் கணக்கில் பொதுவாகக் கழிக்க முடியாது என்பதால், சரக்குக் கொள்முதலையே ரொக்கத்தில் செய்தேன் என்ற பதில் ஒரு சிக்கலை விட்டு இன்னொன்றில் கொண்டுபோய் நிறுத்தும்.

மூன்றையும் கழித்தபின் மிஞ்சுவது 18,000 ரூபாய். தள்ளுபடி, கார்டு இயந்திரத்தில் பிடித்த கட்டணம் போன்றவற்றில் அது கரைந்திருக்கும். யாரும் அதைத் துருவமாட்டார்கள். இந்தக் கணக்கை ஒரே தாளில் இப்படி எழுதலாம்:

```
3.1(a) மதிப்பு                    96,00,000
வரி                              17,28,000
வரி சேர்ந்த விற்பனை            1,13,28,000

நடப்புக் கணக்கு மொத்த வரவு     1,18,50,000
கழிக்க: விற்பனை அல்லாதவை        20,80,000
கூட்டுக: சேமிப்பில் யுபிஐ         7,10,000
வங்கி வழி விற்பனை             1,04,80,000

இடைவெளி                         8,48,000
பாக்கி கூடியது                    4,70,000
வங்கிக்கு வராத ரொக்கம்            3,60,000
மீதி                               18,000
```

இந்தத் தாள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடலாம். சேமிப்புக் கணக்கைப் பற்றி அதிகாரிக்குத் தெரியாது, பாக்கிப் பட்டியலும் அவரிடம் இல்லை. எச்சரிக்கையான அதிகாரி இரண்டு எண்களில் குறைந்ததையே எடுப்பார். சுத்தம் செய்த வங்கி வரவான 97,70,000-இல் வரியை நீக்கினால் ஏறத்தாழ 82,80,000 ரூபாய். அதில் 20 சதவீதம் 16.56 லட்சம். ரிட்டர்ன் எண்ணான 96 லட்சத்தை அவர் ஏற்றிருந்தால், வளர்ச்சி எதையும் சேர்க்காமலேயே 19.2 லட்சம் கிடைத்திருக்கும். அடுத்த ஆண்டு விற்பனை 1 கோடியாக உயரும் என்பதற்குக் கையில் ஆர்டர் போன்ற காரணம் காட்ட முடிந்தால் கேட்ட 20 லட்சத்தையும் எட்டலாம். எத்தனை சதவீதம் வரை இடைவெளியைப் பொறுத்துக்கொள்வது என்பதில் ஒவ்வொரு வங்கிக்கும் தனிக் கொள்கை உண்டு. எல்லா இடத்திலும் செல்லும் ஒரே அளவு என்று எதுவும் இல்லை.

எடுத்துக்காட்டில் ரிட்டர்ன் அதிகமாக இருந்தது. எல்லாவற்றையும் சுத்தம் செய்த பிறகும் வங்கி வரவே அதிகமாக நின்றால் அது வேறு கதை. முன்பணம், முந்தைய ஆண்டின் பாக்கி வசூல் ஆகிய இரண்டையும் கழித்த பிறகும் மிஞ்சினால், பில் போடாத விற்பனை இருக்கிறது என்றே பொருள் கொள்வார்கள். யுபிஐ வந்த பிறகு இதை மறைப்பது கடினம். 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை யுபிஐ வரவுகளை வைத்தே சிறு வணிகர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது பலருக்கு நினைவிருக்கும். அவர்களில் வரிவிலக்குப் பெற்ற காய்கறி, பால் விற்றவர்களும் இருந்தார்கள் என்பது, மொத்த வரவை மட்டும் பார்த்து முடிவுக்கு வருவதில் அரசும் தடுமாறக்கூடும் என்பதைக் காட்டுகிறது. விற்பனை உண்மையிலேயே விட்டுப்போயிருந்தால் வரியையும் ஆண்டுக்கு 18 சதவீத வட்டியையும் கட்டிச் சரிசெய்வதே வழி. முந்தைய நிதியாண்டின் பில்களை ரிட்டர்னில் சேர்க்கவோ திருத்தவோ அடுத்த நவம்பர் 30 வரை இடமுண்டு. சேமிப்பில் வந்தது எல்லாம் குடும்பப் பணம் என்று அதிகாரியிடம் சொல்லிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். நாளுக்கு முப்பது பேரிடமிருந்து 85 ரூபாய், 240 ரூபாய் என்று கடை நேரத்தில் வந்த வரவைக் குடும்பப் பணம் என்று எந்த அதிகாரியும் நம்பமாட்டார்.

எண்களை வேண்டுமென்றே பொருந்தச் செய்யும் முயற்சிகளும் ஸ்டேட்மென்ட்டில் தடம் விட்டுவிடும். காலையில் வந்த இரண்டு லட்சம் மாலையில் அதே பெயருக்குத் திரும்பிப் போவதும், மாதக் கடைசியில் மட்டும் வட்டமான தொகைகள் நுழைந்து வெளியேறுவதும் பணத்தைச் சுற்றவிட்டதன் அடையாளம். ரிட்டர்னைப் பெருக்கிக் காட்டியிருந்தால் அது ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் தெரியும். அதில் பதிவு பெற்ற வாடிக்கையாளர் ஒவ்வொருவரின் ஜிஎஸ்டி எண்ணும் இருக்கிறது. அதிகாரி பெரிய ஐந்தாறு வாடிக்கையாளர்களை எடுத்து, அவர்களிடமிருந்து வங்கியில் பணம் வந்திருக்கிறதா என்று தேடுவார். அதே எண்கள் கொள்முதலைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலிலும் இருந்தால், ஒருவரிடமே வாங்கி அவருக்கே விற்பதாகக் காட்டும் சுற்று வணிகம் என்று ஐயப்படுவார். நேர்மையாக இரண்டு வழியிலும் வணிகம் செய்யும் கடைகளும் உண்டு. அப்படிப்பட்டவர் சரக்கு நகர்ந்ததற்கான இ-வே பில்லைக் கேட்கும் முன்பே சேர்த்துவிடுவது நல்லது.

விண்ணப்பத்தோடு கொடுக்க வேண்டியவை அதிகமில்லை. மேலே உள்ள தாள். விற்பனை அல்லாத வரவு ஒவ்வொன்றுக்கும் தேதி, தொகை, ஒரு வரி விளக்கம், முடிந்தால் சீட்டு நிறுவன ரசீது அல்லது நகைக்கடன் அட்டையின் நகல். சேமிப்புக் கணக்கின் ஸ்டேட்மென்ட். ஆண்டின் இரு முனைகளுக்குமான பாக்கிப் பட்டியல், பெயரோடும் தொகையோடும். நகைக்கடனையும் கைமாற்றையும் இப்படி வெளிப்படையாகக் காட்டினால் கடன்சுமை கூடுதலாகத் தெரியுமே என்று சிலர் தயங்குவார்கள். நகைக்கடன் எப்படியும் சிபில் அறிக்கையில் வந்துவிடும். கைமாற்று ஸ்டேட்மென்ட்டில் ஒரு தனிநபர் பெயரோடு நிற்கிறது. இரண்டையும் அதிகாரி தாமாகக் கண்டுபிடித்தால் அவை மறைக்கப்பட்ட கடன்களாகிவிடும்.

பழைய கியூஆர் அட்டையைப் பொறுத்தவரை, விண்ணப்பிக்க நினைக்கும் நாளுக்குச் சில மாதங்கள் முன்னரே அதை அகற்றி, எல்லா யுபிஐ வரவையும் நடப்புக் கணக்குக்குத் திருப்பிவிடுவது பயன் தரும். ஓவர்டிராஃப்ட் வரம்பை வங்கி வழக்கமாக ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும். அப்போதும் இதே ஒப்பீடு நடக்கும். கடன் கொடுத்த வங்கி தன் கணக்கு வழியாகவே விற்பனை முழுவதும் போகிறதா என்றும் அந்த நேரத்தில் பார்க்கும் என்பதால், வேறு கணக்கில் கிடக்கும் ஏழு லட்சம் இரண்டாவது முறை கேட்கும்போது இன்னும் கடினமான கேள்வியாகத் திரும்பி வரும்.